வகிட்டை மூடாதீர்கள்: பெண்களின் உருவப்படத்தில் தலைத்தோல் தெரிவதைத் திருத்தும் முறைகள்

பணி நிறைவு விழாவுக்காக, அறுபதாம் கல்யாணத்துக்காக, அலுவலகச் சுவரில் மாட்டுவதற்காக என்று நடுத்தர வயதுப் பெண்கள் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளும்போது, அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு திருத்தம் உண்டு. முகச் சுருக்கத்தையும் கண்ணுக்குக் கீழ் கருமையையும் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர்கள்கூட இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்: "வகிடு ரொம்ப அகலமா தெரியுது, ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும். ஆனால் எப்படிச் செய்வது என்பதில் டச்சப் வேலை செய்பவர்களிடையே ஒருமித்த முறை இல்லை. சிலர் பக்கத்து முடியை எடுத்து ஒட்டி இடைவெளியை அடைத்துவிடுகிறார்கள். சிலர் கறுப்புத் தூரிகையால் பூசிவிடுகிறார்கள். சிலர் வகிட்டின் இரு கரைகளையும் இழுத்துச் சேர்க்கிறார்கள். விளைவு பெரும்பாலும் ஒன்றே: படத்தில் இருப்பவர் விக் வைத்தவர்போல் ஆகிவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்த முறைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, எந்த வரிசையில் செய்தால் படம் கெடாமல் திருத்தம் மட்டும் நிற்கும் என்று பார்க்கிறது.

வகிடு ஏன் முதலில் காட்டிக்கொடுக்கிறது

ஆண்களுக்கு முடி குறையும்போது நெற்றி ஓரம் பின்வாங்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நெற்றி ஓர முடி அதே இடத்தில் நிற்க, அதற்குப் பின்னால் உச்சியை நோக்கிய பகுதியில் முடி மெலிந்து கலைகிறது. 1977-இல் லுட்விக் என்ற தோல் மருத்துவர் பெண்களின் முடி இழப்பை மூன்று படிநிலைகளாக வகுத்தபோது இந்த அமைப்பைத்தான் அடிப்படையாகக் கொண்டார். டச்சப் செய்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது. நெற்றி ஓரத்தில் கை வைக்கத் தேவையில்லை. அது அநேகமாக நன்றாகவே இருக்கும். வேலை அதற்கு ஒரு விரல் அகலம் பின்னால்தான் தொடங்குகிறது.

எல்லா அகல வகிடும் நிரந்தர முடி இழப்பு என்றும் எண்ண வேண்டாம். பிள்ளை பெற்று இரண்டு முதல் நான்கு மாதங்களில் கொத்தாக முடி கொட்டுவதும், கடுங்காய்ச்சலுக்குப் பின் கொட்டுவதும் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். பல ஆண்டுகள் ஒரே கோட்டில் வகிடெடுத்து இறுக்கிப் பின்னியவர்களுக்கு அந்தக் கோடு மட்டும் விரிந்திருக்கும்.

இவற்றைத் தவிர, முடி இழப்பே இல்லாமல் வகிட்டை அகலமாகக் காட்டும் காரணம் ஒன்றும் உண்டு. அது சாயம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சாயம் போட்டு மூன்று வாரமானால் வகிட்டின் இரு கரையிலும் வெள்ளை வேர் அரை சென்டிமீட்டருக்கு மேல் எட்டிப் பார்க்கும். சிறிது தூரத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளை முடி தலைத்தோலோடு கலந்து, உண்மையான இடைவெளியைவிடப் பல மடங்கு அகலமாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தெரிவது தோலா வெள்ளை வேரா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வேர் என்றால் அங்கே முடி இருக்கிறது. அதன் நிறத்தை மட்டும் தணித்தால் போதும், புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

சாயத்தால் வரும் இன்னொரு விளைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நரைத்த முடிக்கும் தலைத்தோலுக்கும் நிற வேறுபாடு குறைவு. கருங்கறுப்பாகச் சாயமிட்ட முடிக்கும் தோலுக்கும் வேறுபாடு மிக அதிகம். அதனால்தான் அதே அடர்த்தி கொண்ட தலை, சாயமிட்ட பிறகு படத்தில் முன்னைவிட மெலிந்து தெரிகிறது. நாம் திருத்தப்போவது அடிப்படையில் இந்த வேறுபாட்டைத்தான்.

கேமராவுக்கு முன்னால் முடிகிற பாதி வேலை

வீட்டுக் கண்ணாடியில் ஒரு பெண் தன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறார். தன் உச்சியை அவர் பார்ப்பதே இல்லை. ஸ்டூடியோவில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, போட்டோகிராபர் நின்றபடி எடுக்கிறார். கேமரா உட்கார்ந்திருப்பவரின் கண்ணைவிட ஓரடி உயரத்தில் இருக்கிறது. அந்த ஓரடியால், முன்னால் உட்கார்ந்து பேசுகிற எவருக்கும் தெரியாத வகிட்டின் பின்பாதி படத்துக்குள் வந்துவிடுகிறது. டிரைபாடைக் கீழிறக்கி, லென்ஸ் அவர் கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கும்படி வைத்தால் வகிட்டின் நீளம் சுருங்கி, முன்பகுதி மட்டும் தெரியும். எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்யாது.

அடுத்தது விளக்கு. நடு வகிடு என்பது கேமராவை நோக்கி நேராக ஓடும் ஒரு பள்ளம். முகத்துக்கு நேர் மேலே முன்னால் வைத்த விளக்கின் ஒளி அந்தப் பள்ளத்தின் முழு நீளத்துக்கும் தடையில்லாமல் விழுகிறது. அதே விளக்கைப் பக்கவாட்டில் 45 டிகிரிக்கு நகர்த்தி, தலைக்கு மேல் அதிகம் ஏற்றாமல் வைத்தால், ஒரு பக்கத்து முடியின் மேடு பள்ளத்துக்குள் நிழல் போடும். இடைவெளி அப்படியே இருக்கும். ஆனால் அதன் பாதி நிழலில் போய்விடும்.

பின்னாலிருந்து தலைமேல் விழும் ஹேர் லைட்தான் இதில் பெரிய எதிரி. கறுப்பு முடியைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அதை வைக்கிறோம். முடி மெலிந்தவருக்கு அது தலைத்தோலில் நேரே விழுந்து பளபளக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தோலாக இருந்தால் அந்த இடம் வெளுத்து விவரமே இல்லாமல் போகும். அப்படி வெளுத்ததைப் பின்னால் கறுப்பாக்கினால் சாம்பல் திட்டாகத்தான் வரும். அந்த விளக்கை அணைத்துவிட்டு, பின்னணித் திரைமீது சிறிது ஒளி விட்டுத் தலையைப் பிரித்துக் காட்டுவதே நல்லது.

மூன்றாவது, சீப்பு. தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரிய முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். கற்றைகளுக்கு நடுவே தோல் தெரியும். படம் எடுக்கும் நாளுக்கு முன்தினம் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னால் முடி தனித்தனியாகப் பிரிந்து நின்று அதிக இடத்தை மறைக்கும். வகிட்டை உச்சி வரை இழுக்காமல், நெற்றியிலிருந்து மூன்று விரல் அளவுக்கு மட்டும் எடுத்து, அதற்குப் பின்னால் முடியைக் கலந்து வாரிவிடலாம். வாழ்நாள் முழுக்க நடு வகிடு எடுத்தவருக்குப் பக்க வகிடு எடுத்துவிடும் யோசனையை நான் ஆதரிப்பதில்லை. அவர் முகம் அவருக்கே அந்நியமாகிவிடும்; வகிட்டில் குங்குமம் வைப்பவராக இருந்தால் அதைக் கேட்கவே கூடாது.

பளபளப்பைக் குறைக்க முகத்துக்குப் போடும் பவுடரை வகிட்டில் தட்டுபவர்கள் உண்டு. அது தோலை மேலும் வெளுப்பாக்கும். டிஷ்யூ காகிதத்தால் ஒற்றியெடுத்துவிட்டு, மினுக்கம் இல்லாத அடர்பழுப்பு ஐ-ஷேடோ பவுடரைச் சிறு பிரஷ்ஷால் வகிட்டின் கரைகளில் மட்டும் தொட்டுவைத்தால் போதும். அழகுக்கலைக் கடைகளில் கிடைக்கும் கெரட்டின் தூளும் இதற்கானதே. அது முடியில் ஒட்டிக்கொண்டு இழையைத் தடிப்பாகக் காட்டுகிறது. ஆனால் வியர்க்கும் தலையில் அது திரண்டுவிடும் என்பதால் ஏசி இல்லாத அறையில் நம்ப முடியாது.

நெகட்டிவ் காலத்தில் இது ஏன் கடினமாக இருந்தது

கணினிக்கு முந்தைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் டச்சிங் என்பது தனித் தொழில். சாய்வு மேசையில் பின்னொளி வைத்து, நெகட்டிவின்மேல் வார்னிஷ் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் தொடுவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் ஒளியைத் தடுக்கும். ஆகவே பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். முகச் சுருக்கம், பரு, கண் கருமை எல்லாம் கறுப்புக் குறைகள் என்பதால் பென்சிலுக்குக் கட்டுப்பட்டன.

வகிடோ வெள்ளைக் குறை. நெகட்டிவில் அது அடர்ந்த கறுப்புக் கோடாக இருக்கும். பிரிண்டில் அதை இருட்டாக்க வேண்டுமானால் நெகட்டிவில் உள்ள அடர்த்தியைக் கூர்கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் படம் பாழ். அதனால் பலர் நெகட்டிவைத் தொடாமல், பிரிண்டின்மீது மெல்லிய தூரிகையால் நீர்த்த சாயத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து வகிட்டின் வெளுப்பைத் தணித்தார்கள். முடி ஒன்றைக்கூட அவர்கள் புதிதாக வரையவில்லை. வெளுப்பைக் குறைத்தாலே கண் சமாதானமாகிவிடும் என்பதைக் கருவியின் வரம்பே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று எல்லாக் கருவியும் கைக்கு வந்த பிறகு நாம் மறந்தது இதைத்தான்.

கணினியில் நான்கு வழிகள்

ஃபோட்டோஷாப்பிலோ அதுபோன்ற மென்பொருளிலோ இதற்குக் கையாளப்படும் வழிகளை நான்காகச் சுருக்கலாம்.

முதல் வழி, பக்கத்து முடியை Clone Stamp கொண்டு வகிட்டின்மேல் பதிப்பது. விரைவானது, அதனால் பரவலானது, பெரும்பாலும் தவறானதும் இதுதான். வகிட்டின் இடப்பக்க முடி இடப்பக்கமும், வலப்பக்க முடி வலப்பக்கமும் சரிகிறது. இரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கத்து முடியைப் பதித்தாலும் அது எதிர்ப்பக்க முடியோடு மோதும். மேலும் ஒரே மினுமினுப்பு இரண்டு மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வரும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று பட்டுவிடும்.

இரண்டாவது, Liquify கொண்டு வகிட்டின் இரு கரைகளையும் உள்ளே தள்ளுவது. முடியின் இயல்பான இழையோட்டம் காப்பாற்றப்படும் என்பது இதன் நன்மை. இடைவெளியை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் வரை இது நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் தள்ளினால் நெற்றி ஓரம் வகிட்டருகே கூம்பாக மேலேறும். தலையின் வெளிவட்டமும் சப்பையாகும். நெற்றிச் சுட்டியோ பொட்டோ அருகில் இருந்தால் அதன் வடிவமும் கோணும்.

மூன்றாவது, இழை இழையாக வரைவது. பொறுமையும் பேனா டேப்லெட்டும் வேண்டும். நன்றாகச் செய்தால் அழகு. ஆனால் இதை மட்டுமே நம்பினால் வெளுத்த தோலின்மேல் கறுப்புக் கோடுகள் கிறுக்கியதுபோல் ஆகும்.

நான்காவது, தோலின் ஒளியை மட்டும் தணிப்பது. Curves அடுக்கு ஒன்றைப் போட்டு, கோட்டைக் கீழே இழுத்து, அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, வகிட்டில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் மெல்லத் திறப்பது. புதிதாக எதுவும் வரையப்படுவதில்லை. அங்கே இருக்கும் தோலும் குட்டை முடியும் துளைகளும் அப்படியே இருட்டாகின்றன. பழைய ஆட்கள் பிரிண்டில் சாயம் தொட்டுவைத்ததற்கு நேரான வாரிசு இது. பத்தில் ஏழெட்டுப் படங்களுக்கு இதுவே போதுமானது என்பது என் துணிபு. மற்ற மூன்றும் இதற்குப் பின் தேவைப்பட்டால் வர வேண்டியவை.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர், வயது 60, பணி நிறைவு பெறுகிறார். பள்ளி அலுவலகத்தில் மாட்ட 12-க்கு 18 அங்குலப் படம் வேண்டும். பட்டுப்புடவை, நடு வகிடு, வகிட்டின் தொடக்கத்தில் குங்குமம். சாயமிட்ட முடி, வேர் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. திருத்துவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். "வகிட்டைக் கொஞ்சம் சரி பண்ணட்டுமா டீச்சர்?" என்று கேட்டால், அநேகமாகக் கிடைக்கும் பதில் இப்படித்தான் இருக்கும்: "பண்ணுங்க தம்பி. ஆனா எனக்கு இருபது வயசு முடி வெச்சுடாதீங்க, பிள்ளைங்க பார்த்தா சிரிக்கும்." இந்த ஒரு வரியில் வேலையின் எல்லை முழுக்க அடங்கியிருக்கிறது.

படம் 4000-க்கு 6000 பிக்சல். சட்டத்தின் உயரத்துக்குள் அவர் உடலின் 75 சென்டிமீட்டர் அளவு வருகிறது என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு 80 பிக்சல். வகிடு மிக அகலமான இடத்தில் 9 மில்லிமீட்டர். அதாவது படத்தில் 72 பிக்சல். அச்சில் அது ஐந்தரை மில்லிமீட்டராக விழும். சுவரில் மாட்டினால் இரண்டு கஜம் தள்ளி நிற்பவருக்கும் தெரிகிற அகலம் அது.

இதே கணக்கில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். ஒரு தலைமுடியின் தடிப்பு சுமார் 0.07 மில்லிமீட்டர். இந்தப் படத்தில் அது அரை பிக்சலுக்குச் சற்று மேல். அப்படியானால் திரையில் நாம் ஒற்றை முடி என்று நினைப்பது உண்மையில் நாலைந்து முடி சேர்ந்த இழை. ஒரு பிக்சல் தூரிகையால் ஒற்றை முடி வரைய முயல்வது வீண்; இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில், ஓரம் மென்மையான தூரிகைதான் படத்தில் உள்ள மற்ற முடியோடு ஒத்துப்போகும்.

முதலில் நிறத்தை அளந்துகொள்வோம். வகிட்டின் நடுத்தோல் சிவப்பு 175, பச்சை 135, நீலம் 115 என்று காட்டுகிறது. பக்கத்து முடி 40, 34, 32. Curves அடுக்கில் கோட்டின் வலது மேல்முனையை 255-லிருந்து 90-க்கு இறக்கி, மாஸ்க்கை `Ctrl+I` கொடுத்துக் கறுப்பாக்கிவிட்டு, 40 பிக்சல் மென்தூரிகையை Flow 10 விழுக்காட்டில் வைத்துத் தொடங்கலாம்.

இங்கேதான் வேலையின் நுட்பம் இருக்கிறது. வகிடு முழுவதையும் ஒரே சீராக இருட்டாக்கக் கூடாது. இரு கரைகளிலும் பலமுறை தொட வேண்டும்; நடுவில் ஒன்றிரண்டு முறை மட்டும். கரையில் உள்ள தோல் முடியின் இருளுக்கு அருகே போய்விடும். நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும் தோல் நிறத்தில் எஞ்சும். சிவப்பு அளவைக் கொண்டு சொன்னால் நடுவில் 110 அளவும் கரையில் 65 அளவும் நின்றால் சரி. எதையும் நகர்த்தாமலே 72 பிக்சல் வகிடு முப்பது பிக்சல் வகிடாகத் தெரியும். வெள்ளை வேர்களும் இந்தத் தொடுதலிலேயே அடங்கிவிடும்.

இருட்டாக்கிய தோல் செம்பழுப்பாகச் சிவந்து தெரியும். புண் ஆறிய தழும்புபோல் தோன்றிவிடும் ஆபத்து இதில் உண்டு. அதே மாஸ்க்கை நகலெடுத்து ஒரு Hue/Saturation அடுக்கில் வைத்து, Saturation-ஐ 25 அளவுக்குக் குறைத்தால் சிவப்பு அடங்கும். ஆனால் குங்குமம் உள்ள இடத்தை இந்த இரண்டு மாஸ்க்குகளிலிருந்தும் அழித்துவிட வேண்டும். குங்குமத்தின் நிறம் மங்கினால் அந்தப் படம் அந்த வீட்டில் ஏற்கப்படாது. குங்குமத் தூள் சிதறி வகிட்டின் உள்ளே தோலைச் சிவக்கவைத்திருந்தால் அந்தச் சிதறலை மட்டும் தணிக்கலாம். வைத்த குங்குமத்தைத் தொடக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகு படத்தை முழுதாகத் திரையில் வைத்துப் பார்க்க வேண்டும். பல படங்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். இந்தப் படத்தில் உச்சிக்கு அருகே ஒரு திட்டு இன்னும் வெறிச்சென்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அதே பக்கத்தில், அதே தூரத்தில், சற்றுக் கீழே உள்ள முடிப்பகுதியை லாஸோவால் வளைத்து `Ctrl+J` கொடுத்துத் தனி அடுக்காக்கி, Warp கொண்டு தலையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, மாஸ்க்கால் ஓரங்களைக் கரைத்து ஒட்டலாம். இடப்பக்கத்துக்கு இடப்பக்க முடி, வலப்பக்கத்துக்கு வலப்பக்க முடி. ஒரு பக்கத்து முடியைக் கண்ணாடிபோல் திருப்பி மறுபக்கம் வைத்தால் இழையோட்டம் சரியாக வரும், ஒளி தவறாகிவிடும். இடமிருந்து விளக்கு வைத்த படத்தில் ஒரு கற்றை மட்டும் வலமிருந்து மின்னும்.

கடைசியாகப் பத்துப் பதினைந்து இழைகள். முடியிலேயே மூன்று வெவ்வேறு நிறங்களைத் தொட்டெடுத்து, வகிட்டின் கரையில் வேரூன்றி வெளிப்பக்கம் சரியும்படி வரைய வேண்டும். தொடங்கும் இடம் மெல்லியதாகவும் போகப்போகத் தடித்தும் இருக்கட்டும். ஓரிரு குட்டை இழைகள் மட்டும் வகிட்டைக் குறுக்கே கடக்கலாம். உண்மையான தலையிலும் அப்படி ஓரிரண்டு எப்போதும் எழுந்து நிற்கும். எல்லா அடுக்குகளையும் ஒரு குழுவாக்கி, குழுவின் Opacity-யை 80 விழுக்காட்டுக்கு இறக்கிப் பார்க்கவும். நூறில் பிடித்திருந்தது எண்பதில் இன்னும் நன்றாக இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். பெரிதாக்கிய திரையில் வேலை செய்யும் கண் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே செய்துவிடும்.

எங்கே கெடும், எப்படிக் கண்டுபிடிப்பது

முகத்தில் ஃபோகஸ் வைத்து எடுத்த படத்தில் உச்சி முடி இயல்பாகவே சற்று மங்கியிருக்கும். அந்த மங்கலின்மேல் கூர்மையாக வரைந்த இழைகள் மிதந்து தெரியும். வரைந்த அடுக்குக்கு ஒரு பிக்சல் அளவுக்குள் மங்கல் கொடுத்து, படத்தில் உள்ள மணல்தன்மைக்கு ஒத்த அளவு Noise சேர்த்தால் அது உட்காரும்.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது பழகிப்போய்த் தப்பித்துவிட்ட திரும்பவரும் மினுமினுப்பும் வளைந்த நெற்றி ஓரமும் உடனே கண்ணில் படும். பிறகு தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வகிடு முற்றிலும் மறைந்து தலை ஒரே கறுப்பு மொத்தையாகத் தெரிந்தால் மிஞ்சிப்போயிற்று என்று பொருள். மெல்லிய கோடாக வகிடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது தலைமுடியாகத் தோன்றாது.

அச்சு இன்னொரு பொறி. வெளிச்சமாக வைத்த மானிட்டரில் அழகாகத் தெரியும் இருள், லேப்பிலிருந்து வரும்போது இன்னும் ஒரு படி கறுத்து வரும். கரையில் 65 என்று விட்டது முடியோடு கலந்து அடைபட்டுப்போகும். தலைப்பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே வெட்டி, 4-க்கு 6 அங்குலத் தாளில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பார்ப்பது சில ரூபாய்ச் செலவு. பெரிய பிரிண்ட் வீணாவதை அது தடுக்கும்.

எந்தப் படத்துக்கு எவ்வளவு

பாஸ்போர்ட், விசாப் படங்களில் இந்தத் திருத்தம் எதுவுமே கூடாது. ஆளை அடையாளம் காணும் படத்தில் மென்பொருளால் தோற்றத்தை மாற்றக்கூடாது என்பது விதி. அமெரிக்க விசாவுக்கான வழிகாட்டுதலிலும் இது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்து, விளக்கையும் கேமரா உயரத்தையும் மட்டும் சரிசெய்து எடுத்துக்கொடுக்க வேண்டும்.

வரன் பார்க்க ஜாதகத்தோடு போகும் படத்தில் ஒளியைத் தணிப்பதோடு நிற்க வேண்டும். நேரில் வந்து பார்க்கப்போகிறவர்களுக்கு முன்னால் அந்தப் பெண்ணைச் சங்கடத்தில் நிறுத்தும் எந்தத் திருத்தமும் அவளுக்குச் செய்யும் கெடுதல். பணி நிறைவு, மணிவிழா, அலுவலகப் படங்களில் மேலே சொன்ன முழு வரிசையும் தகும். அங்கும் நெற்றி ஓரத்தைக் கீழிறக்குவதும், சடையைத் தடிப்பாக்குவதும் நம் வேலை இல்லை.

மறைந்தவர்களின் படம் தனி வகை. பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்தோ கைபேசியில் எடுத்த படத்திலிருந்தோ வெட்டியெடுத்துக் கொண்டுவருவார்கள். தலை முழுவதுமே இருநூறு பிக்சல்தான் இருக்கும். அதில் இழை வரைய இடமில்லை; ஒட்ட முடியும் இல்லை. ஒளியைத் தணிப்பது ஒன்றே செய்யக்கூடியது. கடைசிக் காலத்தில் நோயால் முடி கொட்டியிருந்தால், அதற்குமுன் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டு வாங்குவதே சிறந்த திருத்தம். அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பும் அம்மா அந்தப் படத்தில்தான் இருப்பார்.

முடிவாக

அகல வகிட்டைத் திருத்தும் வேலையில் வரிசைதான் எல்லாம். கேமராவைக் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். மேல்விளக்கைப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். எண்ணெயில்லாத முடியை வாருங்கள். கணினிக்கு வந்த பிறகு தோலின் ஒளியைக் கரையிலிருந்து தணியுங்கள், சிவப்பைக் குறையுங்கள், அதற்கும் பிறகு தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் முடி சேருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முடியில் தொடங்குகிறவர்களின் படங்களே விக்போல் ஆகின்றன. ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: திருத்தத்தைத் தொடங்குமுன் எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், முடித்த பிறகு முன்னும் பின்னும் இரண்டையும் காட்டுங்கள். எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்தத் தலைக்கு உரியவருடையது.